ஆச்சியிடம் சொன்னால் போதாது: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்போது நடக்கும் தவறுகள்

கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டுக்கு ஆள் எடுப்பது என் வேலை. போன வருடம் வரவேற்பு மேசைக்கு இரண்டு பேரைத் தேர்ந்து வைத்திருந்தோம். முதலில் காரைக்குடிப் பெண். அவர் சரிவராவிட்டால் தேவகோட்டைத் தம்பி. அந்தப் பெண்ணுக்கு வியாழன் காலை 10 மணிக்கு நேர்காணல்.

செவ்வாய்க்கிழமையே அவர் சென்னையில் ஒரு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டார். எங்களிடம் சிபாரிசு செய்த ஆச்சியிடம் மட்டும் அதைச் சொன்னார். ஆச்சி கல்யாண வீட்டு அலைச்சலில் இருந்தார், சேதி எங்களுக்கு வரவில்லை. புதன் மதியம் தேவகோட்டைத் தம்பி போன் செய்தார். "அண்ணே, மதுரையில ஒரு இடம் வந்திருக்கு. உங்க பக்கம் ஏதாவது தெரியுமா?" இன்னொருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன். அவர் மதுரைக்குச் சரி சொல்லிவிட்டார். அன்று இரவு விடுதியின் சொந்தக்காரர் நேர்காணலுக்காகச் சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்து இறங்கினார். வியாழன் 10 மணிக்கு யாரும் வரவில்லை.

அந்தப் பெண் சென்னையைத் தேர்ந்ததில் தப்பே இல்லை. செவ்வாய் மாலை ஒரு மடல் வந்திருந்தால், புதன் மதியம் அந்தத் தம்பிக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

அதற்காக அவசரப்பட்டு விலகுவதும் தவறு. "நீங்கதான், லெட்டர் வரும்" என்ற வாய்ப்பேச்சை நம்பி மற்ற இடங்களை விடாதீர்கள். சம்பளமும் சேரும் தேதியும் எழுதிய கடிதம் கைக்கு வந்து, நீங்களும் எழுத்தில் சம்மதம் சொன்ன பிறகு, அன்றைக்கே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். சேரும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். நேர்காணல் மறுநாளே என்றால் முதலில் போன், அப்புறம் மடல்.

நேர்காணலுக்கு அழைத்த மடலுக்கே பதிலாக எழுதினால் தேடாமல் கண்ணில் படும். இவ்வளவு போதும்:

"வணக்கம். வரவேற்பாளர் பணிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறொரு பணியை ஏற்றுக்கொண்டுவிட்டேன். வியாழன் நேர்காணலுக்கு வர இயலாது. எனக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி."

எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் வேண்டாம். "இப்போதைக்கு வர முடியாத சூழ்நிலை" என்று மட்டும் எழுதுவதுதான் பலர் செய்யும் தவறு. படிப்பவருக்கு அது தேதியை மாற்றக் கேட்பது போலவும் இருக்கும், சம்பளத்தைக் கூட்டக் கேட்பது போலவும் இருக்கும். "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

மடல் போன பிறகு, "கூடப் போட்டுத் தருகிறோம், வாங்க" என்று போன் வரலாம். "அங்கே சம்மதம் கொடுத்துவிட்டேன்" என்று அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றால், அடுத்தவரைக் கூப்பிடாமல் மறுபடி காத்திருக்க ஆரம்பித்துவிடுவோம்.