ஊருக்கு வந்த இடத்துல ஆக்சிடென்ட் ஆனவரை ஆஸ்பத்திரில சேர்த்தா போலீஸ் உங்களை என்ன கேக்கலாம், என்ன கேக்கக்கூடாது

லீவுக்கு தமிழ்நாட்டுக்கு வர்ற நம்மாளுங்க ரோட்டுல யாராவது அடிபட்டு கிடந்தா வண்டிய நிறுத்தவே பயப்படுறாங்க. ஸ்டேஷன் கோர்ட்னு அலைய விடுவாங்க, பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்குவாங்க, ஃப்ளைட்டை விட்டுடுவோம்னு பயம், வாடகை கார் டிரைவரும் "நமக்கெதுக்கு சார் வம்பு"ன்னு தான் சொல்லுவாரு. ஆனா சட்டம் மாறி வருஷக்கணக்காச்சு. உதவி செய்றவங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு மத்திய அரசு போட்ட வழிகாட்டுதலை 2016ல சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்க கட்டாயமாக்குச்சு, 2019ல மோட்டார் வாகன சட்டத்துலயே 134ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க, 2020ல அதுக்கான விதிகள் 168, 169 வந்துச்சு.

இது நடைமுறைல எப்படி இருக்கும்னு பாப்போம். உளுந்தூர்பேட்டை தாண்டி திருச்சி போற வழில பைக்ல போனவரை ஒரு லாரி தட்டிட்டு நிக்காம போயிடுச்சு, நீங்க அதைப் பாக்கல, கொஞ்ச நேரம் கழிச்சு அந்த வழில கார்ல வர்றீங்கன்னு வச்சுக்கோங்க. முதல்ல 108க்கு போன் பண்ணுங்க, பேர் சொல்ல விருப்பம் இல்லைன்னா சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் வர ரொம்ப லேட் ஆகும், நீங்களே கொண்டுபோறதுன்னு முடிவு பண்ணா, கிளம்புறதுக்கு முன்னாடி உங்க கார் முன்பக்கத்தையும் நம்பர் பிளேட்டையும் சேர்த்து போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க, ரெண்டு செகண்ட் வேலை தான். ஏன்னா நிஜமா சிக்கல் வர்றது சட்டத்தால இல்ல, "கூட்டிட்டு வந்தவன் தான் இடிச்சிருப்பான்"னு ஆஸ்பத்திரி வாசல்ல சொந்தக்காரங்களும் கூட்டமும் நினைக்கிறதால தான்.

கேஷுவால்டில ஏ.ஆர்.ங்கிற விபத்துப் பதிவேட்டுல என்ட்ரி போடுவாங்க, போலீஸுக்கு தகவலும் அவங்களே அனுப்புவாங்க. அப்போ "யார் கொண்டு வந்தது, பேர் நம்பர் சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. இதுல தான் நிறைய பேர் பதறிடுறாங்க. அந்த விவரம் குடுக்குறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். போலீஸ் வந்து கேட்டாலும் அதே தான், பேர், அட்ரஸ் எதையும் சொல்லச்சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, அப்புறம் பாஸ்போர்ட்டை எதுக்கு நீட்டணும்? நாட்டை வச்சு பாகுபாடு காட்டக்கூடாதுன்னு விதி 168லயே இருக்கு, அதனால வெளிநாட்டு பாஸ்போர்ட்காரருக்கும் இதே உரிமை தான். அட்வான்ஸ் கட்டுங்கன்னும் உங்கள கேக்கக்கூடாது, நீங்க அவருக்கு சொந்தக்காரரா இருந்தா மட்டும் தான் அது வேற கதை.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மறக்காம கேட்டு வாங்குங்க. இன்ன நேரத்துல, இன்ன இடத்துல இருந்து இவரை கொண்டு வந்து சேர்த்தாங்கன்னு ஆஸ்பத்திரி ஒரு ஒப்புகைச் சீட்டு தரணும், கேட்டா தான் தருவாங்க. என்னைக் கேட்டா சட்டப்பிரிவு நம்பர் ஞாபகம் வச்சுக்கிறத விட இந்த சீட்டு கைல இருக்குறது பெருசு.

அட்ரஸ் கூட குடுக்காம போகலாம்ங்கறது விபத்தை நேர்ல பாக்காம உதவி மட்டும் பண்ணவங்களுக்கு. அவங்க சேர்த்துட்டு உடனே கிளம்பலாம். லாரி இடிச்சதை நீங்க கண்ணால பாத்திருந்தா நீங்க நேரடி சாட்சி, அட்ரஸ் மட்டும் குடுத்துட்டு போகலாம்னு வழிகாட்டுதல் சொல்லுது. சாட்சி சொல்ல நீங்களே ஒத்துக்கிட்டா விதி 169 பொருந்தும், உங்களுக்கு வசதியான நேரத்துல வீட்டுலயோ நீங்க சொல்ற இடத்துலயோ போலீஸ் மஃப்டில வந்து ஒரே தடவைல முழுசா எழுதிக்கணும், ஸ்டேஷனுக்கு தான் வரணும்னா அதுக்கு காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும். வெளிநாட்டுலயே வளர்ந்த பிள்ளைங்களுக்கு தமிழ் வராதுன்னா மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு பண்றதும் போலீஸோட பொறுப்பு. ஃப்ளைட் நாளைக்கு இருந்தா அதை முதல்லயே சொல்லி, அபிடவிட்டா குடுத்துடலாமான்னு கேளுங்க, பின்னாடி தேவைப்பட்டா வீடியோ கான்பரன்ஸ்ல விசாரிக்கலாம்னும் வழிகாட்டுதல்ல இருக்கு.

போற வழில அவர் இறந்துட்டா? அவசரத்துல நல்லெண்ணத்தோட தூக்கினப்போ ஏதோ தவறிப்போச்சுன்னு உங்க மேல கிரிமினல் கேஸோ நஷ்டஈட்டு கேஸோ வரக்கூடாதுன்னு தான் 134ஏ இருக்கு. ஏட்டய்யா யாராவது மீறி மிரட்டினா சத்தம் போடாம "134ஏ, விதி 168 இருக்கு சார், விவரம் வேணும்னா எழுத்துல கேளுங்க"ன்னு சொல்லுங்க, அப்பவும் விடலைன்னா எஸ்.பி. ஆபீஸுக்கு புகார் குடுக்கலாம், கட்டாயப்படுத்தின அதிகாரி மேல துறை நடவடிக்கை எடுக்க வழி இருக்கு.

ஆனா நீங்க வந்த வண்டியே இடிச்சிருந்தா இந்த பாதுகாப்பு கிடையாது, அடிபட்டவரை ஆஸ்பத்திரில சேர்த்து போலீஸுக்கு சொல்றது அந்த டிரைவரோட சட்டக் கடமை, 'உதவி பண்ணவர்'னு அவர் சொல்லிக்க முடியாது. இன்னொண்ணு, இது இந்திய சட்டம், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பக்கம் போறவங்க இதை அங்க காட்ட முடியாது.