18K-ன்னு முத்திரை இருந்தா தங்கமா? முலாம், கோல்ட் ஃபில்டு, வெர்மீல் வாங்கறப்ப பண்ற தப்புகள்

எங்க அக்கா போன வருஷம் ஆன்லைன்ல ஒரு வளையல் வாங்கினா, போட்டோவுக்குக் கீழ "18 கேரட் கோல்ட் வெர்மீல்"னு போட்டிருந்துச்சு, விலை 699 ரூபாய். மூணு மாசம் தினமும் போட்டா. சமையல், பாத்திரம் தேய்க்கறது எல்லாம் அதோடயேதான். அப்புறம் உள்பக்கம் சிவப்பா தெரிய ஆரம்பிச்சுது, மணிக்கட்டுல பச்சைக் கறை. வெர்மீல்னா அடியில வெள்ளி இருக்கணும், மேல இருக்கற தங்கம் தேய்ஞ்சா வெள்ளையாவோ கறுப்பாவோதான் தெரியும். சிவப்பு தெரிஞ்சுதுன்னா அடியில செம்போ செம்பு கலந்த உலோகமோதான். அதாவது அவ வாங்கினது வெர்மீலே இல்ல, சாதாரண கவரிங்.

இதுல அவ தப்பு பெருசா ஒண்ணும் இல்ல, ஏன்னா முலாம், கோல்ட் ஃபில்டு, வெர்மீல்ங்கற மூணு பெயரும் ஒண்ணுக்கொண்ணு மாத்தி மாத்தித்தான் எல்லா இடத்துலயும் புழங்குது. பார்வைக்கும் மூணும் ஒரே மஞ்சள்தான். வித்தியாசம் ரெண்டே இடத்துலதான் இருக்கு, அடியில என்ன உலோகம், மேல எவ்வளவு தங்கம். விலையும் ஆயுசும் இந்த ரெண்டுலேருந்துதான் வருது.

கோல்ட் ப்ளேட்டட்னா நம்ம ஊர் கவரிங்தான், தங்க முலாம். பித்தளையையோ செம்பையோ தங்கம் கரைஞ்ச திரவத்துல போட்டு கரண்ட் கொடுத்தா மேல ஒரு படலம் படியும். வெர்மீலும் பெரும்பாலும் இதே மாதிரிதான் செய்யறாங்க, ஆனா அடி 925 வெள்ளியா, அதாவது ஆயிரத்துல 925 பங்கு சுத்த வெள்ளியா இருக்கணும், படலமும் தடியா இருக்கணும். கோல்ட் ஃபில்டு மட்டும் தனி ஜாதி. பேரைப் பாத்து உள்ள தங்கம் ரொப்பி இருக்கும்னு நினைச்சுடாதீங்க, பித்தளை மேல தங்கத் தகட்டை வச்சு சூட்டுலயும் அழுத்தத்துலயும் ஒட்ட வச்சு, அப்புறம் கம்பியாவோ தகடாவோ இழுக்கறாங்க. தங்கம் வெளியிலதான் இருக்கு, ஆனா அது படலம் இல்ல, நிஜமான தகடு.

எவ்வளவு தங்கம் இருந்தா எந்தப் பேர் சொல்லலாம்னு அமெரிக்காவுல எஃப்டிசின்னு ஒரு அரசு அமைப்பு வழிகாட்டி போட்டிருக்கு. அதுப்படி கோல்ட் எலக்ட்ரோப்ளேட்னா குறைஞ்சது 0.175 மைக்ரான், வெர்மீல்னா 2.5 மைக்ரான், கோல்ட் ஃபில்டுன்னா மொத்த எடையில இருபதுல ஒரு பங்கு தங்கக் கலவை. மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, நம்ம தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன்.

இந்த நம்பரை அப்படியே படிச்சா மண்டையில ஏறாது, அக்கா வளையலை வச்சே கணக்குப் போடுவோம். 3 மில்லிமீட்டர் தடிமன்ல கெட்டியான கம்பி, சுத்தளவு 20 சென்டிமீட்டர். மேற்பரப்பு சுமார் 19 சதுர சென்டிமீட்டர் வரும். 0.175 மைக்ரான் முலாம் போட்டா அதுல இருக்கற சுத்தத் தங்கம் வெறும் 6 மில்லிகிராம். 2.5 மைக்ரான் போட்டா 90 மில்லிகிராம். அதே வளையல் 14 கேரட் கோல்ட் ஃபில்டா இருந்தா, பித்தளையோட சேர்த்து எடை 12 கிராம், அதுல இருபதுல ஒரு பங்கு 600 மில்லிகிராம் 14 கேரட் தங்கம், சுத்தத் தங்கமா பாத்தா 350 மில்லிகிராம். மேல இருக்கற தகடு 24 மைக்ரான் தடிமன்!

இப்ப விலைக்கு வாங்க. கணக்கு சுலபமா இருக்கட்டும்னு சுத்தத் தங்கம் கிராம் 10,000, வெள்ளி கிராம் 100னு வச்சுக்கறேன், இன்னைக்கு ரேட் எவ்வளவோ அதை நீங்க போட்டுக்கோங்க. முலாம் வளையல்ல இருக்கற தங்கம் 60 ரூபாய்க்கு. வெர்மீல்ல தங்கம் 900 ரூபாய், அடியில இருக்கற 15 கிராம் 925 வெள்ளிக்கு கிட்டத்தட்ட 1,400, கூலி சேர்க்காமலே 2,300. கோல்ட் ஃபில்டுல தங்கம் மட்டும் 3,500. இது எதுலயும் செய்கூலியோ லாபமோ இல்ல, வெறும் உலோகம். அப்படின்னா 699 ரூபாய்க்கு கெட்டி வெர்மீல் வளையல் யாரால விக்க முடியும்? விக்கவே முடியாது. மத்த டெஸ்ட் எல்லாம் அப்புறம், முதல்ல இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க, முக்கால்வாசி ஏமாத்து இங்கயே தெரிஞ்சுடும். பொருள் சின்னதா இருந்தாலோ உள்ள குழலா இருந்தாலோ எடை குறையும், விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி இறங்கும், அதனால எடை எத்தனை கிராம்னு கேக்காம இந்தக் கணக்கைப் போடாதீங்க.

நம்ம ஊர்ல "ஒன் கிராம் கோல்ட்"னு ஒரு பேர் இருக்கு இல்லையா, அதையும் இதே வளையல்ல வச்சுப் பாருங்க. நிஜமா ஒரு கிராம் சுத்தத் தங்கம் அந்த வளையல் மேல இருந்தா அது 27 மைக்ரான் தடிமனுக்கு வரும், தங்கத்துக்கே 10,000 ரூபாய். 500 ரூபாய்க்கு அதை யாரும் தர முடியாது. அது ஒரு வியாபாரப் பேர் அவ்வளவுதான், நல்ல முலாம் போட்ட கவரிங்னு புரிஞ்சுக்கிட்டு அந்த விலைக்கு வாங்கினா அதுல ஏமாற ஒண்ணும் இல்ல. கவரிங்கை நான் குறைச்சே சொல்ல மாட்டேன், கல்யாணம் காட்சிக்கு நாலு மணி நேரம் போட்டுட்டுக் கழட்டி வைக்கறதுக்கு அதை விட நல்ல பொருள் கிடையாது.

அடுத்த பெரிய தப்பு முத்திரையைப் பாதி படிக்கறது. "18K"னு பாத்ததும் கண்ணு அங்கேயே நின்னுடும், பக்கத்துல இருக்கற ரெண்டு எழுத்துதான் விஷயமே. `18K GP`ன்னா 18 கேரட் தங்கத்துல முலாம், `HGE`ன்னா கொஞ்சம் தடியான முலாம், ரெண்டும் முலாம்தான். `1/20 14K GF` இல்லன்னா `14/20 GF`ன்னு இருந்தா கோல்ட் ஃபில்டு, அந்தப் பின்னம் இருக்கறது ரொம்ப முக்கியம், பின்னம் இல்லாம வெறும் `GF` மட்டும் இருந்தா நான் நம்ப மாட்டேன். கோல்ட் ஃபில்டு பெரும்பாலும் 12 இல்ல 14 கேரட்லதான் வரும், அதனால மலிவு விலையில "18 கேரட் கோல்ட் ஃபில்டு"ன்னு யாராவது வித்தா அது முலாமாத்தான் இருக்கும். வெர்மீல்ல `925`ன்னு இருக்கணும், ஆனா அந்த 925 உள்ள இருக்கற வெள்ளிக்கான நம்பர், மேல இருக்கற தங்கத்தோட தடிமனைப் பத்தி அது ஒண்ணுமே சொல்லாது, மைக்ரான் எவ்வளவுன்னு தனியாத்தான் கேக்கணும். நிஜத் தங்க நகைக்கு நம்ம நாட்டுல பிஐஎஸ் முத்திரை, 22K916 மாதிரி சுத்தம், ஹெச்யூஐடின்னு ஆறு எழுத்து அடையாளக் குறி மூணும் இருக்கும், முலாம், வெர்மீல், கோல்ட் ஃபில்டு எதுலயும் தங்கத்துக்கான அந்த முத்திரை வராது.

முத்திரையே இல்லன்னா வேலைப்பாட்டைப் பாருங்க. கோல்ட் ஃபில்டு தகடாவும் கம்பியாவும் குழலாவும்தான் வரும், அதை உருக்கி அச்சுல ஊத்த முடியாது, உருக்கினா தங்கமும் பித்தளையும் கலந்துடும். அதனால லட்சுமி உருவம் புடைச்சு நிக்கற மாதிரி வார்ப்புல செஞ்ச கெட்டி டாலரை கோல்ட் ஃபில்டுன்னு சொன்னா சந்தேகப்படுங்க.

வீட்டுல பண்ற டெஸ்ட்டுல காந்தத்தை நம்பறவங்கதான் அதிகம். காந்தத்துல ஒட்டிச்சுன்னா அடியில இரும்போ நிக்கலோ இருக்கு, சரி. ஒட்டலன்னா தங்கம்னு அர்த்தம் இல்ல, பித்தளை, செம்பு, வெள்ளி எதுவுமே ஒட்டாது. உரைகல்லுல லேசா உரசினாலும் மேல இருக்கற தங்கம்தான் கோடு போடும், அதுக்கும் கீழ என்னன்னு சொல்லாது. அதிகம் செலவில்லாத வழி, நகைக்கடை லென்ஸ் ஒண்ணு வாங்கி கொக்கி, வளையத்தோட உள்பக்கம், மோதிரத்தோட அடிப்பக்கம் இதெல்லாம் பாக்கறதுதான். தேய்மானம் முதல்ல அங்கதான் விழும், அடியில இருக்கற நிறம் எட்டிப் பாக்கும்.

எவ்வளவு நாள் உழைக்கும்னு கேட்டா, தினமும் போட்டா சாதாரண முலாம் சில மாசம், மோதிரம்னா சில வாரத்துலயே போயிடும், ஏன்னா அது எல்லாத்துலயும் உரசுது. வெர்மீல் ஒரு வருஷத்துலேருந்து மூணு வருஷம் வரைக்கும், கம்மலும் டாலரும் இன்னும் கூட நாள் வரும். கோல்ட் ஃபில்டு பத்து வருஷம் தாண்டி சர்வசாதாரணமா உழைக்கும், பழைய பாக்கெட் வாட்ச் கேஸ் எல்லாம் இன்னைக்கும் மஞ்சளா இருக்கறது அதனாலதான். முலாம் தேயறது மட்டும் இல்ல, மெல்லிசான தங்கத்துல கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கும், அது வழியா வேர்வை உள்ள போய் செம்பைப் பச்சையாக்கும், வெள்ளியைக் கறுப்பாக்கும். நிறைய கவரிங்ல பித்தளைக்கும் தங்கத்துக்கும் நடுவுல நிக்கல் ஒரு கோட்டிங் இருக்கும், தங்கம் தேய்ஞ்சதும் அது தோல்ல படும். காது அரிச்சுப் புண்ணாகறவங்களுக்கு பல சமயம் இதுதான் காரணம், அவங்க கம்மல் மட்டுமாவது நிக்கல் போடாத வெர்மீலாவோ கோல்ட் ஃபில்டாவோ கேட்டு வாங்கறது நல்லது.

நல்ல வெர்மீலையே நாம கெடுக்கற இடம் ஒண்ணு இருக்கு. கறுத்துடுச்சுன்னு வெள்ளிக் கொலுசு தேய்க்கற மாதிரியே பல்பொடி, பேஸ்ட், புளி போட்டுத் தேய்க்கறது. கறுப்போட சேர்ந்து தங்கமும் போயிடும், 2.5 மைக்ரான்தானே இருக்கு. வெதுவெதுப்பான தண்ணியில லேசா சோப்பு, பருத்தித் துணி, நல்லா காய வச்சு ஜிப் கவர்ல போட்டு வைங்க, அது போதும். பாத்திரம் தேய்க்கறப்ப கழட்டிடுங்க, சென்ட் அடிச்சு காஞ்சப்புறம் போடுங்க.

அக்கா அந்த வளையலைத் திருப்பி அனுப்பப் பாத்தா, நாள் தாண்டிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. இப்ப ஒரு வெள்ளி வளையல் வாங்கி, தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர்கிட்ட முலாம் போடக் கொடுத்திருக்கா, பில்லுல 925, எடை, மைக்ரான் மூணையும் எழுதித் தரச் சொல்லித்தான் அட்வான்ஸே கொடுத்தா. தங்கம் தேய்ஞ்சா திரும்ப முலாம் போட்டுக்கலாம், வெள்ளி எங்கயும் போகாது, விக்கணும்னாலும் வெள்ளி விலையாவது கிடைக்கும். அந்தக் கவரிங் வளையல் கொலு பொம்மைக்குப் போட எடுத்து வச்சிருக்கா.