ரைட்ஸ் பங்கு உறை வந்தால் என்ன செய்வது? சிங்கப்பூர்ப் பங்குதாரருக்கு ஒரு செய்முறை

வீட்டுத் தபால்பெட்டியில், உங்கள் பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் சிடிபியிலிருந்து ஓர் உறை. உள்ளே ஒரு விண்ணப்பப் படிவம். அதில் உங்கள் பெயரும், உங்களுக்கு ஒதுக்கப்பட்ட ரைட்ஸ் எண்ணிக்கையும், சில தேதிகளும் அச்சாகியிருக்கும். ரைட்ஸ் என்பது, நிறுவனம் வெளியிடும் புதுப் பங்குகளைக் குறித்த விலையில் வாங்க, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் உரிமை. பங்கு வைத்திருக்கும் பலரும் இதை "அப்புறம் பார்க்கலாம்" என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். விற்கக்கூடிய ரைட்ஸ் என்றால், கணக்குப்படி கைக்காசை இழக்க வைக்கும் ஒரே வழி அதுதான். ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

படி 1: எந்த வகை, எந்தத் தேதி?

அறிவிப்பில் முதலில் தேட வேண்டிய சொல் "ரினவுன்சபிள்". அது இருந்தால் உங்கள் ரைட்ஸை நீங்கள் சந்தையில் விற்கலாம். "நான்-ரினவுன்சபிள்" என்றிருந்தால் விற்க முடியாது. ரீட்டுகள் வெளியிடும் பிரிஃபரன்ஷியல் ஆஃபரிங் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. அதில் காசு கட்டுவது அல்லது விட்டுவிடுவது என இரண்டே வழி.

அடுத்து இரண்டு தேதிகளை வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: ரைட்ஸ் சந்தையில் விற்பனையாகும் கடைசி நாள், விண்ணப்பித்துக் காசு கட்டும் கடைசி நாள். இவை ஒரே நாள் அல்ல. விற்பனைதான் சில வேலைநாள்கள் முன்னதாக முடியும். "காசு கட்டக் கடைசி நாள் அடுத்த வாரம்தானே" என்று விற்பதையும் தள்ளிப்போட்டவருக்கு, அந்த வாரம் வரும்போது விற்கும் வழி அடைபட்டிருக்கும்.

படி 2: தள்ளுபடி நிஜமாக எவ்வளவு?

ஒரு நிறுவனத்தின் பங்கு 1 வெள்ளி 20 காசில் விற்கிறது, உங்களிடம் 3,000 பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பங்குக்கு ஒரு புதுப் பங்கு, விலை 80 காசு என்று நிறுவனம் அறிவிக்கிறது. மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி! கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த மலிவான புதுப் பங்குகள் எல்லார் கைக்கும் வந்து பழையவற்றோடு கலக்கும். மூன்று பழைய பங்கு 3.60 வெள்ளி, ஒரு புதுப் பங்கு 0.80, மொத்தம் நான்கு பங்குக்கு 4.40. ஆக, கலந்த பிறகு ஒரு பங்கின் விலை 1.10 ஆக வேண்டும். பங்கு ரைட்ஸ் உரிமை இல்லாமல் விற்பனையாகத் தொடங்கும் எக்ஸ்-ரைட்ஸ் நாள் காலையில் விலை ஏறக்குறைய அந்த இடத்துக்கு இறங்கித் திறப்பதும் இதனால்தான். அதைக் கண்டு பதறி விற்க வேண்டியதில்லை. அந்தப் பத்துக் காசு உங்கள் ரைட்ஸுக்குள் போயிருக்கிறது.

80 காசு கட்டினால் 1.10 பெறுமான பங்கு கிடைக்கும். எனவே ஒரு ரைட்ஸின் மதிப்பு 30 காசு. உங்களிடம் 1,000 ரைட்ஸ், அதாவது 300 வெள்ளி.

படி 3: வழிகளை எடை போடுங்கள்

முழுதும் எடுத்தால் 800 வெள்ளி கட்டுகிறீர்கள். கையில் 4,000 பங்குகள், 4,400 வெள்ளி. முன்பிருந்த 3,600உடன் கட்டிய 800ஐக் கூட்டிப் பாருங்கள், அதே 4,400. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதை "இலவசம்" என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

முழுதும் விற்றால் 3,000 பங்குகள் 3,300 வெள்ளி, ரைட்ஸ் விற்ற காசு 300. மறுபடி 3,600, தரகுக் கட்டணம் மட்டும் கழியும். குறைந்தபட்சம் 25 வெள்ளி வாங்கும் தரகர் என்றால் 300இல் அது சின்னத் தொகை அல்ல. ரைட்ஸின் மொத்த மதிப்பே முப்பது நாற்பது வெள்ளிதான் என்றால் விற்பதில் அர்த்தமில்லை.

கையில் காசு குறைவு, ஆனால் நிறுவனத்தின் மேல் நம்பிக்கை உண்டு என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது: 700 ரைட்ஸை விற்று 210 வெள்ளி பெற்று, மீதி 300ஐ 240 வெள்ளிக்கு எடுக்கலாம். தரகோடு சேர்த்து ஐம்பது அறுபது வெள்ளிதான் கைவிட்டுப் போகும்.

ஒன்றும் செய்யாவிட்டால்? 3,300 வெள்ளி மட்டும். 300 போயிற்று. நீங்கள் விட்ட ரைட்ஸ், கூடுதல் பங்கு கேட்டு விண்ணப்பித்த மற்றப் பங்குதாரர்களுக்குப் போகும். அவர்கள் 80 காசு கட்டி 1.10 பெறுமானத்தை எடுத்துக்கொள்வார்கள்.

படி 4: எடுப்பதா, விற்பதா?

மேலே உள்ள கணக்கு "சும்மா விடாதீர்கள்" என்று மட்டும்தான் சொல்கிறது. புதுக் காசு போடலாமா என்பதற்கு, நிறுவனம் அந்தக் காசை எதற்குக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். வருமானம் தரும் ஒன்றை வாங்கவா, கடனை அடைக்கவா, நட்டத்தில் ஓடும் தொழிலுக்கு மூச்சு கொடுக்கவா?

செம்ப்கார்ப் மரின் 2020இல் ஒரு பங்குக்கு ஐந்து வீதம் 20 காசுக்குப் புதுப் பங்கு வெளியிட்டது. மறு ஆண்டே, 2021இல், இரண்டு பங்குக்கு மூன்று வீதம் 8 காசுக்கு மீண்டும் வந்தது. 2020இல் 1,000 பங்கு வைத்திருந்தவர் இரண்டு முறையும் முழுதாக எடுத்திருந்தால், முதலில் 1,000 வெள்ளி, பிறகு 720 வெள்ளி. 20 காசு மலிவு என்று எடுத்தவர், அடுத்த ஆண்டு 8 காசைப் பார்த்தார். எனவே "இந்தக் காசு எத்தனை நாளுக்குப் போதும்?" என்ற கேள்விக்கு அறிவிப்பில் பதில் தேடுங்கள். பெரிய பங்குதாரர் தம் பங்கை முழுதும் எடுப்பதாக உறுதி கொடுத்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். என் கணக்கில், அவரே தயங்கினால் நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

படி 5: விற்பது

தரகரின் தளத்தில் நிறுவனத்தின் பெயரோடு R சேர்ந்த தற்காலிகப் பங்கு ஒன்று தெரியும். அதுதான் ரைட்ஸ். தாய்ப் பங்கின் விலையிலிருந்து 80 காசைக் கழித்துப் பாருங்கள். தாய்ப் பங்கு 1.08 என்றால் ரைட்ஸ் 28 காசை ஒட்டி இருக்க வேண்டும். பலர் ஒரேயடியாக விற்பதால் 24, 25 காசுக்கு இறங்குவதும் உண்டு, குறிப்பாகக் கடைசி நாளில். அதனால் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். விற்ற ரைட்ஸுக்கு மறந்துபோய் விண்ணப்பமும் போட்டுவிடாதீர்கள்.

படி 6: எடுப்பது

பங்கு உங்கள் சிடிபி கணக்கில் இருந்தால், டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஏடிஎம்மில் விண்ணப்பிக்கலாம், அல்லது படிவத்தை நிரப்பி வங்கிக் காசாணையோடு அனுப்பலாம். வேறு வழிகள் இருந்தால் படிவத்திலேயே போட்டிருக்கும். முக்கியமான ஒன்று: கடைசி நாளில் தாய்ப் பங்கு 80 காசுக்குக் கீழே போயிருந்தால் கட்டாதீர்கள். சந்தையிலேயே மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு?

தரகரின் கஸ்டோடியன் கணக்கிலோ, சிபிஎஃப், எஸ்ஆர்எஸ் பணத்திலோ வாங்கிய பங்கு என்றால் ஏடிஎம் வேலைக்கு ஆகாது. தரகரிடமோ வங்கியிடமோ சொல்ல வேண்டும், அவர்களின் கெடு இன்னும் முன்னதாகவே முடியும். ஊருக்குத் திரும்பி, சிடிபி முகவரியைத் திருச்சிக்கோ மதுரைக்கோ மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் படிவமே வராது. சிங்கப்பூர் முகவரி ஒன்றை, பங்குதாரர் பட்டியல் எடுக்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று வேலைநாள்கள் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

எடுப்பது என்று முடிவு செய்தால், கூடுதல் பங்குக்கும் சேர்த்துக் கேளுங்கள். சிங்கப்பூர்ச் சந்தையில் பங்கை வழக்கமாக வாங்கி விற்கும் கட்டு, அதாவது ஒரு லாட், பெரும்பாலும் 100 பங்கு. உங்களிடம் 3,340 பங்குகள் இருந்திருந்தால் 1,113 ரைட்ஸ் வரும், எல்லாம் சேர்ந்து 4,453 ஆகும். 47 கூடுதலாகக் கேட்டால் 4,500. இப்படி லாட்டை நிரப்பக் கேட்பவர்களுக்கே முன்னுரிமை, இயக்குநர்களும் பெரிய பங்குதாரர்களும் வரிசையின் கடைசியில். கேட்ட மொத்தத்துக்கும் காசு முதலிலேயே பிடிக்கப்படும், கிடைக்காத பங்குக்கு உரியது வட்டியில்லாமல் திரும்பி வரும்.