பெர்சியஸ் குமிழிகளைக் கொண்டு ஜெட் தரும் வெப்பத்தைக் கணக்கிடுவது எப்படி?

பெர்சியஸ் விண்மீன் மண்டலக் கொத்தின் நடுவில் இருக்கும் NGC 1275 என்ற விண்மீன் மண்டலத்தைச் சுற்றி மூன்றரைக் கோடி டிகிரி சூட்டில் வாயு நிறைந்திருக்கிறது. அது எக்ஸ் கதிர்களாக 10^38 வாட் அளவில் ஆற்றலை இழந்துகொண்டே இருக்கிறது. ஈடுகட்ட எதுவும் இல்லையென்றால் ஆண்டுக்குச் சில நூறு சூரியன்களின் நிறை குளிர்ந்து உள்ளே விழுந்து விண்மீன்களாக வேண்டும். அந்த அளவுக்கு நடக்கவில்லை. மையத்துக் கருந்துளை பீய்ச்சியடிக்கும் ஜெட்தான் தடுக்கிறதா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

படி 1. சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் படத்தை ds9 என்ற வானியல் பட மென்பொருளில் திறந்து, அளவுகோலை log-க்கு மாற்றுங்கள். இதற்கு ds9 போல வசதியானது வேறில்லை என்பது என் கருத்து. மையத்தின் இருபுறமும் இரண்டு கருமையான குழிகள் தெரியும். ஜெட் வாயுவை ஒதுக்கித் தள்ளி ஊதிய குமிழிகள் இவை. ரேடியோ படத்தை மேலே வைத்தால் ஒளி சரியாகக் குழிகளுக்குள் பொருந்தும். பொருந்தினால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 2. குமிழியின் ஆரம் சுமார் 19 வில்விநாடி, அதாவது 7 கிலோபார்செக். விட்டத்தை ஆரமாகப் போட்டுவிட்டால் விடை எட்டு மடங்காகிவிடும், கவனம்.

படி 3. நான் நாள்கணக்கில் தடுமாறியது இங்கேதான். வாயுவைத் தள்ள ஆன வேலை PV, அதாவது அழுத்தம் பெருக்கல் கனஅளவு, அதுவே மொத்த ஆற்றல் என்று நினைத்திருந்தேன். ஆனால் குமிழிக்குள்ளும் ஆற்றல் இருக்கிறது. உள்ளே இருப்பவை ஒளிவேகத்தை ஒட்டி ஓடும் துகள்கள் என்றால் அந்த உள்ளாற்றல் 3PV. இரண்டையும் கூட்டினால் 4PV. உள்ளே வெறும் சூடான வாயுதான் என்றால் 2.5PV. எது சரி என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதை நேரடியாகப் பார்க்க வழியில்லை. அப்படி வேகமாக ஓடும் துகள்கள் தரும் ரேடியோ ஒளி தெரிவதால் நான் 4-ஐ எடுக்கிறேன். கீழே 3 keV என்பது அந்த மூன்றரைக் கோடி டிகிரி சூடுதான், E-இல் வரும் 2 இரண்டு குமிழிகளுக்காக.

```python
import math
kpc, keV = 3.086e19, 1.602e-16
P = 1.9 * 0.05e6 * 3 * keV
V = 4/3 * math.pi * (7*kpc)**3
E = 2 * 4 * P * V
print(E, E/3.15e14)
```

படி 4. கடைசி வரியில் வகுத்திருப்பது குமிழியின் வயது, சுமார் ஒரு கோடி ஆண்டு, நொடிகளில். விடை ஏறக்குறைய 5×10^37 வாட். இழப்பில் பாதி! வயதைப் பாதியாக எடுத்தால் முழுதும் ஈடாகிவிடும், அதனால் இரண்டு மடங்கு வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தவிர, குமிழி விரியும்போது வெளியே போகும் ஒலி அலைகளும் இந்தக் கணக்கில் இல்லை.

பின்சேர்க்கை: விடை பாதியாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். 1.9-ஐ விட்டிருப்பீர்கள். 0.05 என்பது ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் எலக்ட்ரான்கள் மட்டும், அயனிகளும் அழுத்தம் தரும்.

அப்புறம், NGC 1275-இல் விண்மீன் பிறப்பு முழுதாக நின்றுவிடவில்லை. குளிர்ந்த மூலக்கூறு வாயு அங்கே இன்னும் இருக்கிறது. குமிழியின் ஆற்றல் வாயு முழுக்க எப்படிப் பரவுகிறது என்பதும் முடியாத விவாதம். 2016-இல் ஹிட்டோமி எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் அளந்த வாயுக் கொந்தளிப்பின் வேகம் நொடிக்கு 164 கிலோமீட்டர்தான். அவ்வளவு மெதுவான கொந்தளிப்பு மையத்திலிருந்து வெகுதூரம் போவதற்குள் அடங்கிவிடும் என்பதால், ஒலி அலைகள்தான் சூட்டைச் சுமந்து செல்கின்றன என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள்.