லாரி பார்சல் தொலைந்தால் பணம் கேட்பது எப்படி?

மார்ச் 4 அன்று பெங்களூர் கலாசிபாளையத்தில் ஒரு லாரி ஆபீஸில் பார்சல் போட்டேன். கோயம்புத்தூருக்கு 38,000 ரூபாய் சரக்கு, வாடகை 650. பார்சல் போய்ச் சேரவே இல்லை. கேட்டதற்கு, புக்கிங்கின்போது தந்த லாரி ரசீதான எல்.ஆர். சீட்டில் இருந்த ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ முத்திரையைக் காட்டி, “சார், நாங்க பொறுப்பில்லை” என்றார் மேனேஜர்.

1. முத்திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, வழியில் தொலைந்த சரக்குக்கு லாரிக்காரர்தான் பொறுப்பு. அவருடைய கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று எழுதிக்கொண்டாலும் கவனக்குறைவுக்கான பொறுப்பு போகாது என்று பழைய 1865 சட்டத்தின் கீழேயே 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2. ஆனால் எவ்வளவு கிடைக்கும்? நான் சறுக்கியது இங்கேதான். 2011-ஆம் ஆண்டு விதிகள்படி, சாதாரண வாடகையில் அனுப்பினால் உச்சவரம்பு வாடகையைப் போலப் பத்து மடங்கு. அதுவும் புக்கிங் படிவத்தில் நீங்கள் எழுதிய மதிப்பைத் தாண்டாது. என் கணக்கு 650 × 10 = 6,500. பில்லில் 38,000 இருந்து என்ன பயன்?

முழு மதிப்பும் வேண்டுமென்றால் புக்கிங் செய்யும்போதே ‘ஹையர் ரிஸ்க் ரேட்’ கேட்டு, கூடுதலாகக் கட்டி, அதைப் படிவத்திலும் எல்.ஆரிலும் எழுதி வாங்குங்கள். பொறுப்பு எவ்வளவு என்பது அப்போது இருவரும் ஒப்புக்கொண்டபடி. அந்த ரேட்டை வசூலிக்க வேண்டுமானால் ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் ஆபீஸில் எழுதி வைத்திருக்க வேண்டும். அதனால் பெங்களூரில் சுவரில் கன்னடப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

3. நோட்டீஸ். வழக்குப் போடுவதற்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், 180 நாளுக்குள். சரக்கு காணாமல் போன நாளிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து. “நாளைக்கு வந்துடும் சார்” என்று மேனேஜர் இழுத்தடித்த ஒவ்வொரு நாளும் இதில் சேரும். எனக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 31. 22-ஆம் தேதிதான் விழித்துக்கொண்டேன். எல்.ஆர். எண், தேதி, மதிப்பு, கேட்கும் தொகை எல்லாம் எழுதி, எல்.ஆர். நகலும் பில் நகலும் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். வாட்ஸ்அப்பை நம்பி இருக்காதீர்கள். தபால் ரசீதுதான் கையில் நிற்கும். எல்.ஆரை அன்றைக்கே போட்டோ எடுங்கள். என்னுடையது கார்பன் பிரதி, எண்ணே பாதி மங்கிவிட்டது.

பின்சேர்க்கை: மழைவெள்ளத்தில் நனைந்ததென்று லாரிக்காரர் கைவிரித்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசுப் பறிமுதல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் தக்க கவனம் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் அந்த விலக்கு செல்லாது. தார்ப்பாய் கிழிந்திருந்ததா, வெள்ள எச்சரிக்கைக்குப் பிறகும் வண்டியை எடுத்தார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

எனக்கு நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் செக் வந்தது. சரியாக 6,500.