கையெழுத்துப் போட்டாச்சு, இனி கேட்க முடியாதா?

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். கழுத்தில் தைராய்டு கட்டி. புற்று இல்லை, அவசரமும் இல்லை. தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடக்கிறது. கட்டி போய்விட்டது, ஆனால் ஒரு வருடம் கழிந்தும் குரல் கரகரப்பாகவே இருக்கிறது. ஏலம் கூவ முடியவில்லை.

தைராய்டை ஒட்டியே குரல் நாண்களுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அது பாதிக்கப்படும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். நூற்றில் ஓரிருவருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடலாம். இந்த ஆபரேஷன் செய்யும் மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. இவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

இங்கே பலர் செய்யும் முதல் தவறு, "டாக்டர் நரம்பை வெட்டிட்டார்" என்று மட்டும் புகார் எழுதுவது. ஆபரேஷனைச் சரியாகச் செய்தாரா என்பது ஒரு கேள்வி, ஆபத்தை முன்கூட்டியே சொன்னாரா என்பது வேறு கேள்வி. முதலாவதில் மருத்துவர் பெரும்பாலும் தப்பிவிடுவார், ஏனென்றால் கவனமாகச் செய்தாலும் நேரக்கூடிய பாதிப்பு அது. இரண்டாவதுதான் இவருடைய உண்மையான வழக்கு. அதைப் புகாரில் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது, படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது. தியேட்டர் வாசலில் சிஸ்டர் நீட்டிய ஆங்கிலத் தாளில் "எல்லா ஆபத்துகளும் விளக்கப்பட்டன" என்று அச்சடித்திருக்கும். அது ஒரு சாட்சியம், அவ்வளவுதான். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சிகிச்சை என்ன, எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளி முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும். அரிதிலும் அரிதான ஆபத்துகளை எல்லாம் பட்டியல் போட வேண்டியதில்லை. அந்த வழக்கில் பரிசோதனைக்கென்று மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். உயிருக்கு அவசரம் இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். மருத்துவருக்கு ஆபரேஷன் கட்டணம் கிடையாது என்றதோடு, அந்தப் பெண்ணுக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. நம் ஊரில் புருஷனோ மகனோ கையெழுத்துப் போடுவது சகஜம். ஆனால் வயது வந்த, நினைவோடு இருக்கும் நோயாளியின் சம்மதத்துக்கு அது ஈடாகாது.

மண்டிக்காரருக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. சொல்லாமல் விட்டதாலேயே நஷ்டம் வந்தது என்று அவர் காட்ட வேண்டும். அதாவது, தெரிந்திருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருப்பேன், இல்லை கட்டியைக் கண்காணிப்பில் வைத்திருப்பேன் என்பது நம்பும்படி இருக்க வேண்டும். அவசரமில்லாத கட்டி, குரலை நம்பிய பிழைப்பு. இவர் சொன்னால் நம்பலாம். அதே கட்டி மூச்சுக்குழாயை நெரித்துக்கொண்டிருந்தால், ஆபத்து தெரிந்தாலும் சம்மதித்திருப்பார் என்று எதிர்த்தரப்பு சொல்லும்; அதை உடைப்பது கடினம். இதனால்தான் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லாமல் விடுவதும் ஒரு தவறு. "நான் ஏலம் கூவுகிறவன், குரல் போய்விடுமா?" என்று முன்பே கேட்டு, அது கேஸ் ஷீட்டில் பதிவாகியிருந்தால், பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து மருத்துவர் நழுவ முடியாது.

அப்புறம் காலக்கெடு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 வருடம். குரல் திரும்பும் என்று காத்திருந்தே அதில் பாதி போய்விடுகிறது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம்தான், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன. படிவத்தில் நோயாளி கையெழுத்துக்கு எதிரே நேரம் போட்டிருக்கிறதா, ஆபரேஷனுக்கு எத்தனை நிமிடம் முன்பு என்று பாருங்கள். நரம்பு, குரல் என்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்றும் தேடுங்கள். பேனாவில் எழுதியிருந்தால் விளக்கம் நடந்திருக்க வாய்ப்புண்டு. எல்லா ஆபரேஷனுக்கும் பொதுவான அச்சுத் தாள் மட்டும் என்றால் கேள்வி எழுப்ப இடமிருக்கிறது. ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ மட்டும் தெரிந்தவரிடம் தமிழ்ப் படிவம் நீட்டப்பட்டிருந்தாலும் இதே கேள்விதான்.

பெங்களூரிலோ சேலத்திலோ ஆபரேஷன் நடந்தது என்பதற்காக அங்கே அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.