வாடகை வீட்டுப் பதிவு எழுதுவது எப்படி: படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நீளமான செய்தி மடங்கி, மேல் சில வரிகள்தான் தெரியும். அதனால் முதலில் எத்தனை படுக்கையறை, எந்தத் தளம், லிஃப்ட் உண்டா, வாடகை எவ்வளவு, எப்போது காலி என்பவை வந்துவிட வேண்டும். கதவு எண் வேண்டாம். காலி வீடு எது என்று ஊருக்கே சொல்வானேன்?

வாடகையை ஒரே எண்ணாகப் போடுங்கள். பராமரிப்பு, தண்ணீர், மின்சாரம் அதில் சேர்த்தியா, தனியா என்பது அடுத்த வரி. 'பேசிக்கொள்ளலாம்' என்று மட்டும் எழுதினால் நாள் முழுக்க விலை கேட்டே அழைப்பு வரும். முன்பணத்தில் தொகையைவிடத் திரும்பத் தரும் விதம்தான் சண்டையாகிறது, அதனால் இப்படி எழுதலாம்:

"முன்பணம் மூன்று மாத வாடகை. காலி செய்த 15 நாளில் திருப்பித் தரப்படும். உடைந்த பொருளுக்கும் பாக்கிக் கட்டணத்துக்கும் மட்டும் பிடித்தம், பெயின்டுக்கு இல்லை."

அடுத்தது படங்கள். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். ஃபோனில் 0.5x வைக்காதீர்கள், 1x போதும். அகலக் கோணத்தில் ஓரங்கள் இழுபட்டுச் சின்ன அறையும் கூடம் மாதிரி தெரியும், நேரில் வருபவர் வாசலிலேயே முகம் மாறிவிடுவார். அறை முழுதும் படத்தில் அடங்கவில்லையா, எதிரெதிர் மூலைகளில் நின்று இரண்டு படம் எடுங்கள். அறையின் அளவையும் எழுத வேண்டும். அதற்கு லேசர் கருவியெல்லாம் தேவையில்லை, சாதாரண அளவு நாடாவால் அலமாரியை விட்டுவிட்டு மீதித் தரையை அளந்தால் போதும். ஒவ்வொரு படத்தின் கீழும் எங்கே நின்று, எப்போது எடுத்தது, படத்தில் தெரியாதது என்ன என்று எழுதுங்கள். ஒரு மாதிரி:

"சின்னப் படுக்கையறை, கதவருகே நின்று காலை 11 மணிக்கு எடுத்தது. 10 அடிக்கு 9 அடி. இரட்டைக் கட்டில் போட்டால் ஒரு பக்கம்தான் நடக்கலாம். ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர், பகலிலும் விளக்கு வேண்டும். கூரை மூலையில் பழைய ஈரக் கறை உண்டு; மேல்வீட்டுக் குழாய் சரிசெய்தாயிற்று, பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை."

'நல்ல காற்றோட்டம்' என்பதெல்லாம் எதையும் சொல்லாத சொல். எந்தப் பக்கம் எத்தனை ஜன்னல் என்று எழுதினால் படிப்பவரே முடிவு செய்துகொள்வார்.

விதிகளை ஆள் பார்த்து எழுதாமல் நடத்தை பார்த்து எழுதுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது, வண்டி ஒன்றுக்குத்தான் இடம் என்கிற மாதிரி. செல்லப்பிராணி பற்றிப் பேச்சுக்கு இடமுண்டென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: வீடு போன பிறகும் அழைப்பு வருகிறதே என்று சிலர் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும், பிறர் அனுப்பிய நகலை நாம் தொடவே முடியாது. எனவே 'இந்தத் தேதி வரை மட்டும்' என்று தேதியைப் பதிவிலேயே, முதல் வரிகளுக்குள் போட்டுவிடுங்கள்.